அப்பாவின் நீள நோட்டை ஷீட்டில் ஏற்றினேன்: கழிவு எங்கே ஒழுகுகிறது?

#1 கடைக்காரர்_மகள்

கதை மாதிரி நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

எங்கள் மளிகைக் கடை கோத்தகிரியில், டானிங்டன் பக்கம். பாதி வியாபாரம் கல்லாவில் கைமேல் காசு. மீதிப் பாதி ஹோம்ஸ்டேக்களுக்குக் கணக்கில் கொடுப்பது. கோடநாடு ரோட்டில் இருக்கிறவர்கள் காலையில் போன் செய்வார்கள், மதியத்துக்குள் அப்பா ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவார். கணக்கெல்லாம் ஒரு சிவப்பு அட்டை நீள நோட்டில். தொகையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் "5 க" என்றால் 5 சதவீதம் கழிவு. கணக்கு முடிந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்து "நேர்" என்று எழுதுவார்.

போன மே மாதம் சீசன் நன்றாகத்தான் போனது. காய்கறிக் கண்காட்சி நடந்த வாரம் எனக்கு உட்காரக்கூட நேரமில்லை. ஆனால் ஜூன் முதல் வாரம் மேட்டுப்பாளையத்து மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் குறைந்தது. அப்பா கல்லாவை இரண்டு முறை எண்ணிவிட்டு, "சரக்கு போயிருக்கு, காசு எங்க போச்சு?" என்றார். திருட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். ஜீப் ஓட்டுகிற அண்ணன் மீதுகூடச் சந்தேகப்பட்டேன், இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி என்று மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத நோட்டையும் போனிலேயே ஷீட்டில் ஏற்றினேன். ஹோம்ஸ்டே கணக்கு 9 மட்டும். பதினாறு ராத்திரி ஆனது. அப்பா வாசிக்க, நான் தட்ட. ஒரே ஆளை ஒரு பக்கத்தில் "மே.வீ." (மேட்டு வீடு), இன்னொரு பக்கத்தில் "சி.கேட்" (சிவப்பு கேட்) என்று எழுதியிருக்கிறார். அதனால் பெயரை விட்டுவிட்டு H01 முதல் H09 வரை எண் கொடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு சரக்கு. தேதி, கணக்கு எண், சரக்கு, அளவு, விலை, கழிவு, பணம் வந்த தேதி. A முதல் G வரை, அவ்வளவுதான்.

அப்பா 5 சதவீதம் கொடுக்க ஆரம்பித்தது ஒரு நிபந்தனையோடு. ஏழு நாளைக்குள் பணம் கொடுத்தால்தான் கழிவு. அதைச் சோதிக்க இதைப் போட்டேன்:

```
=IF(OR(G2="", G2-A2>7), F2, 0)
```

முதல் தடவை வந்த விடையைப் பார்த்து அப்பா சிரித்துவிட்டார். எந்த ஹோம்ஸ்டேயும் ஏழு நாளில் கொடுக்கவே இல்லை என்றது ஷீட். "H03 மூணே நாள்ல கொடுத்தாரே, என் கையில வாங்கினேனே" என்றார். பார்த்தால் 5/4 பில், 8/4 வரவு. ஷீட் அதை மே 4, ஆகஸ்ட் 4 என்று படித்து 92 நாள் என்கிறது. File > Settings-இல் Locale அமெரிக்காவில் இருந்திருக்கிறது. 13/4 மாதிரித் தேதிகளைத் தேதியாகவே எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நின்றன. சரியான தேதி வலப்பக்கம் நிற்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. Locale-ஐ இந்தியாவுக்கு மாற்றினாலும் ஏற்கெனவே தப்பாகப் படித்தது திருந்தாது. பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து நாளையும் மாதத்தையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது:

```
=IF(ISNUMBER(A2), DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)), DATEVALUE(A2))
```

அதற்கப்புறம் வந்ததுதான் நிஜக் கணக்கு. மூன்று மாதத்தில் ஒன்பது பேருக்கும் விற்றது 6,40,000 ரூபாய். கொடுத்த கழிவு 32,000. அதில் ஏழு நாளில் பணம் கொடுத்தவர்களுக்குப் போனது 10,500 மட்டும். மீதி 21,500 நாள் தவறியவர்களுக்கு! பில் எழுதும்போதே ஓரத்தில் "5 க" போட்டுத் தொகையைக் குறைத்துவிடுகிறார். பணம் நாற்பது நாள் கழித்து வந்தாலும் அதைத் திரும்பச் சேர்ப்பதில்லை.

இன்னொன்று நோட்டில் எங்கேயுமே எழுதாமல் போனது. முன்பாக்கியோடு புது பில்களைக் கூட்டி, கழிவையும் வரவையும் கழித்தால் அடுத்த பக்கத்துப் பாக்கி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. ஒவ்வொரு முறை "நேர்" போட்ட இடத்திலும் 40, 80, 110 என்று குறைந்தது. கேட்டால், "சில்லறைம்மா. 4,380 வந்தா 4,300 வாங்கிக்கறதுதான்" என்கிறார். இப்படி 41 முறை, மொத்தம் 2,870.

இப்போது என் கேள்வி. சரக்குவாரியாகப் பார்த்தால் அரிசியில் கிலோவுக்கு 2.10 நஷ்டம் காட்டுகிறது. மூட்டை 1,430, கிலோ 57.20 விழுகிறது. 58-க்கு விற்று 5 சதவீதம் போனால் 55.10. ஹோம்ஸ்டேக்களுக்கு அரிசியே கொடுக்காமல் நிறுத்திவிடலாமா?

#2 சும்மா_சொல்றேன்

இதுக்கு எதுக்குங்க ஷீட்? தமிழில் பில் அடிக்கிற ஆப் நிறைய வந்துவிட்டது, சின்ன பிரிண்டரும் கிடைக்கும். நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

#3 கடைக்காரர்_மகள்

பில் அடிப்பதில் பிரச்சினை இல்லை அண்ணா. ஆப் இருந்தாலும் அப்பா அதில் 5 சதவீதம் தட்டியிருப்பார், அதுவும் அழகாக அச்சடித்துக் கொடுத்திருக்கும்.

#4 கொடைப்பூண்டு

நான் பூம்பாறை. கழிவு எங்களுக்குப் பெரிய தலைவலி. பூண்டு பறித்த ஈரத்தோடு வாங்கினால் காயக் காய எடை இறங்கிக்கொண்டே போகும். தோல், தாள், சொத்தைப் பல் எல்லாம் போனால் வாங்கின எடை கைக்கு வராது. முட்டைகோஸிலும் மேல் இலையைப் பிய்த்துப் போட்டுத்தான் விற்கிறோம். நீங்கள் 5 சதவீதத்தோடு தப்பித்துவிட்டீர்கள் தங்கச்சி. சரக்கை ஈரமில்லாத மூலையில், பலகை மேல் அடுக்குங்கள்.

#5 பேரேடு

கொடைப்பூண்டு ஐயா, அவர் சொல்கிற கழிவு வேறு, நீங்கள் சொல்கிற கழிவு வேறு. அவருடையது விலையில் விட்டுக்கொடுப்பது. ஆனால் உங்கள் கழிவும் இந்தக் கணக்கில் பின்னால் வரும், இருங்கள்.

நான் முப்பது வருடம் குன்னூரில் கடைகளுக்குக் கணக்கு எழுதினவன். அம்மா, அரிசியை நிறுத்துவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். 57.20 எப்படி வந்தது? 1,430-ஐ எதால் வகுத்தீர்கள்?

#6 கடைக்காரர்_மகள்

25-ஆல். 25 கிலோ மூட்டைதானே சார்?

#7 பேரேடு

மூட்டை மேல் அச்சடித்திருப்பதைப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

#8 கடைக்காரர்_மகள்

படித்தேன். 26 கிலோ. அப்பாவிடம் கேட்டால், "அது ரொம்ப நாளா 26 தான், உனக்குத் தெரியாதா" என்கிறார்! 1,430-ஐ 26-ஆல் வகுத்தால் சரியாக 55 ரூபாய். அப்படியானால் 55.10-க்கு விற்றதில் பத்து பைசா லாபம். நான் பயந்ததெல்லாம் வீணா?

#9 குன்னூர்க்காரன்

2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் கட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதனால்தான் மில்காரர்கள் 26 கிலோ மூட்டைக்குப் போனார்கள். உங்கள் ஷீட் இன்னும் அதற்கு முந்தின காலத்திலேயே இருக்கிறது.

#10 பேரேடு

வீணும் இல்லை, லாபமும் இல்லை. 1,430 என்பது மேட்டுப்பாளையத்துப் பில். அந்த மூட்டை தானாக மலையேறி வரவில்லையே. லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்து மூட்டைக்கு எவ்வளவு?

#11 கடைக்காரர்_மகள்

அது நோட்டில் தனிப் பக்கம். லாரிக்காரருக்கு மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்போம். மூட்டை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன், 30 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது.

#12 பேரேடு

30-ஐ 26-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 1.15. அப்போது உங்கள் அடக்கம் 56.15. விற்றது 55.10. கிலோவுக்கு 1.05 நஷ்டம். இதுதான் உங்கள் அரிசியின் நிலை. முதலில் 2.10 நஷ்டம் என்றீர்கள், அப்புறம் பத்து பைசா லாபம் என்றீர்கள். மூன்றும் ஒரே மூட்டைதான், அடக்கத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். கொடைப்பூண்டு ஐயாவின் கழிவு இங்கேதான் வருகிறது. சில்லறையாக அளந்து போடும்போது ஒரு மூட்டையில் கால் கிலோ குறைந்தால் அடக்கம் இன்னும் அரை ரூபாய் ஏறும். ஹோம்ஸ்டேக்கு முழு மூட்டையாகப் போனால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் பாருங்கள், கழிவு இல்லாமல் 58-க்கு விற்றிருந்தால் கிலோவுக்கு 1.85 நிற்கும். அரிசியை ஏன் நிறுத்த வேண்டும்? அரிசியில் கழிவை நிறுத்துங்கள். சர்க்கரை, எண்ணெய்க்கும் அதே கதைதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மசாலா, சோப்பு, பிஸ்கட்டில் 5 தாங்கும். எல்லாச் சரக்குக்கும் ஒரே 5 போட்டதுதான் உங்கள் அப்பாவின் தவறு. நாள் தவறியவர்களுக்குக் கொடுத்தது அதற்கு மேல் இன்னொரு தவறு.

#13 குன்னூர்க்காரன்

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? 5 கொடுத்தால் 5 தானே போகும். ஒரு இருபது சதவீதம் கூடுதலாக விற்றால் ஈடுகட்டிவிடலாம். கழிவை எடுத்தால் ஹோம்ஸ்டேக்காரர்கள் நேராக மேட்டுப்பாளையத்துக்கே போய்விடுவார்கள், அப்புறம் நோட்டும் வேண்டாம், ஷீட்டும் வேண்டாம்.

#14 பேரேடு

இரண்டாவது பாதி சரி, ஓடிப்போகிற ஆள் இருப்பார். முதல் பாதியில் கணக்கு இடிக்கிறது. கூலி வாடகை எல்லாம் போக இந்தக் கடையில் ஹோம்ஸ்டே வியாபாரத்தில் சராசரி எவ்வளவு நிற்கிறது என்று அந்த அம்மா சொல்லட்டும்.

#15 கடைக்காரர்_மகள்

லாரிக் கூலியைச் சேர்த்து மறுபடி போட்டேன். கழிவு கொடுப்பதற்கு முன் 6,40,000-இல் 57,600 நிற்கிறது. 9 சதவீதம்.

#16 பேரேடு

நூறு ரூபாய்க்கு 9. அதில் 5 போனால் 4. முன்பு ஒரு லட்சம் விற்று 9,000 பார்த்தவர், இப்போது அதே 9,000 பார்க்க இரண்டேகால் லட்சத்துக்குச் சரக்கு தள்ள வேண்டும். இருபது சதவீதம் எந்த மூலைக்கு?

உங்கள் 57,600-இல் கழிவு 32,000 போய், சில்லறை 2,870-உம் போய், கையில் நின்றது 22,730. கடை வாடகையும் ஜீப் டீசலும் அதற்குள். மேட்டுப்பாளையத்துக்குப் பணம் குறைந்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நாற்பது நாள் பாக்கியை அப்பா எதை வைத்துச் சமாளித்தார்? வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் நாற்பது நாளைக்கு நூற்றுக்கு 2 ரூபாய் 67 பைசா அதிலும் போயிருக்கும். நாள் தவறினவருக்குக் கழிவும் கொடுத்து வட்டியும் நாமே கட்டுகிறோம்.

#17 கடைக்காரர்_மகள்

வட்டிக்கு வாங்கினாரா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார். பதில் கிடைத்துவிட்டது.

#18 தாள்கணக்கு

சகோதரி, அடக்க விலைக்கு என்ன செய்தீர்கள்? மூன்று மாதத்தில் எண்ணெய் விலை எத்தனை முறை மாறியிருக்கும். எல்லா வரிக்கும் இன்றைய விலையைப் போட்டிருந்தால் மார்ச் மாதக் கணக்கு பொய். `rate` என்று தனித் தாள் வைத்து, விலை மாறிய தேதி, சரக்கு, அடக்கம் மூன்றையும் போடுங்கள். பில் தேதிக்கு முந்தின கடைசி விலையை இது எடுக்கும்:

```
=SUMIFS(rate!C:C, rate!B:B, C2, rate!A:A, MAXIFS(rate!A:A, rate!B:B, C2, rate!A:A, "<="&A2))
```

ஒரே சரக்குக்கு ஒரே தேதியில் இரண்டு வரி போட்டுவிடாதீர்கள், இரண்டையும் கூட்டி அடக்கத்தை இரட்டிப்பாகக் காட்டும். எங்கள் ஹார்டுவேர் கடையில் சிமெண்டுக்கு அப்படி ஆகி, ஒரு நாள் முழுக்கக் கடை திவால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#19 கடைக்காரர்_மகள்

எண்ணெய்க்கு மே மாத விலையையே எல்லாவற்றுக்கும் போட்டிருந்தேன். மாற்றினேன். எண்ணெயில் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது, மொத்த 9 சதவீதம் பெரிதாக அசையவில்லை. நன்றி அண்ணா.

#20 மேட்டுவீட்டு_விருந்து

நான் ஹோம்ஸ்டே நடத்துகிறவன், உங்கள் கடை வாடிக்கை இல்லை, பயப்படாதீர்கள். எங்கள் பக்கமும் பாருங்கள். விருந்தாளி தங்கிவிட்டுப் போனாலும் புக்கிங் தளத்திலிருந்து பணம் எங்கள் கைக்கு அன்றே வருவதில்லை. நாங்கள் வாரா வாரம் ஒரு ஐயாயிரம் மொத்தமாகக் கொடுக்கிறோம், எந்த பில்லுக்கு என்று சொல்வதில்லை. எங்களைப் பொறுத்தவரை அது இந்த வாரப் பில்லுக்கான பணம். உங்கள் ஷீட்டில் அதை எந்த பில்லில் வைத்தீர்கள்?

#21 கடைக்காரர்_மகள்

பழைய பில்லில்தான். பழையது தீர்ந்த பிறகு அடுத்தது.

#22 மேட்டுவீட்டு_விருந்து

அங்கேதான் பிரச்சினை. பழைய பாக்கி ஒன்று மார்ச்சிலிருந்து தொங்கினால், அதற்குப் பிறகு நான் வாரம் தவறாமல் கொடுத்தாலும் உங்கள் கணக்கில் எப்போதும் நாள் தவறினவனாகவே இருப்பேன். உங்கள் 21,500-இல் இப்படி எத்தனை பேர்?

#23 பேரேடு

நல்ல கேள்வி. எதுவும் சொல்லாமல் கொடுத்த பணத்தைப் பழைய பாக்கியில் வைப்பதுதான் கணக்கெழுதுகிறவர்களின் வழக்கம், நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் கழிவைத் தீர்மானிக்க அந்த வழக்கம் நியாயமா என்றால், எனக்கே இரண்டு மனது. பழைய பாக்கியை ஒரு தனி வரியில் ஒதுக்கி, அதைத் தீர்க்க ஒரு தேதி பேசிவிட்டு, புதுப் பில்களைத் தனியாகப் பாருங்கள்.

#24 கடைக்காரர்_மகள்

அப்படிப் பிரித்துப் பார்த்தேன். H05, H08 இரண்டு பேரும் அந்த மாதிரிதான். அவர்களை விட்டால் 21,500 என்பது 16,200 ஆகிறது. எந்த எண்ணைச் சொல்வது என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை. அவர் 16,200 என்கிறார்.

#25 குன்னூர்க்காரன்

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. அந்த 5 சதவீதம் நிஜமாகவே ஹோம்ஸ்டே முதலாளிக்குப் போகிறதா? சில இடத்தில் மேனேஜர் வந்து, "பில்லை முழுசா போடுங்க, கழிவைக் கையில கொடுங்க" என்பார். முதலாளியிடம் முழுப் பில்லைக் காட்டி வாங்கிக்கொள்வார். உங்கள் நோட்டில் கழிவு ஓரத்தில்தானே இருக்கிறது, கையில் கொடுக்கிற பில்லில் இருக்கிறதா?

#26 கடைக்காரர்_மகள்

அப்பா எழுதித் தருகிற பில்லில் சில பேருக்கு இருக்கிறது, சில பேருக்கு இல்லை. யார் யார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்றார். நான்கு கணக்குக்கு இல்லை என்று பில் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். இதற்கு மேல் தோண்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

#27 பேரேடு

தோண்ட வேண்டாம். இனி கழிவு பில்லில் எழுதினால்தான் உண்டு என்று வைத்துவிடுங்கள். முதலாளிக்குப் போக வேண்டியதாக இருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை.

#28 கொடைப்பூண்டு

அப்போ என் பூண்டுக் கணக்கையும் இப்படி ஷீட்டில் போட முடியுமா? வாங்கின எடை ஒரு பத்தி, விற்ற எடை ஒரு பத்தி போதுமா?

#29 தாள்கணக்கு

வாங்கிய தேதியும் வேண்டும் ஐயா. எத்தனை நாள் காய்ந்தது என்று தெரியாமல் எடை குறைந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

#30 கடைக்காரர்_மகள்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். ஆகஸ்ட் முதல் பில்லை முழுத் தொகைக்கே எழுதுகிறோம். ஏழு நாளைக்குள் பணம் வந்தால் வாங்கும்போது 5 கழித்து, பில்லிலேயே எழுதிக் கையெழுத்து. அரிசி, சர்க்கரை, எண்ணெய்க்குக் கிடையாது. கழிவு பில்லில் ஏறாத அந்த நான்கில் ஒன்று கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. H06 மூட்டை அரிசியை மட்டும் மேட்டுப்பாளையத்தில் வாங்குகிறார், மற்றதெல்லாம் நம்மிடம். குன்னூர்க்காரர் சொன்னது நடந்தது. மழைக்காலம் என்பதால் வியாபாரமே குறைவு. சீசனில்தான் இது தாங்குகிறதா என்று தெரியும்.

சில்லறை மட்டும் நிற்கவில்லை. நேற்று H02 கணக்கு 3,940. அப்பா 3,900 வாங்கிக்கொண்டு கோடு இழுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே நோட்டைத் திறந்து, "நேர்" பக்கத்தில் பொடி எழுத்தில் "சி 40" என்று எழுதி, "இது எந்தப் பத்தியில வரும்?" என்று கேட்டார்.